உலை முன்னால் எத்தனை நிமிடம் நிற்கலாம்?

கேள்வி: கோவையில் ஒரு சிறிய இரும்பு பவுண்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். உலைப் பக்கம் 6 பேர். பழகிய இரண்டு பேர் லேடில் பிடித்து ஊற்றுவார்கள், ஸ்லாக் எடுப்பதும் அவர்கள்தான். மற்ற நால்வர் கோர்களைத் தேய்ப்பது, எண்ணி அடுக்குவது போன்ற வேலை பார்ப்பார்கள். ஊற்றுபவர்களுக்கு 50 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு. உட்கார உலைக்குப் பக்கத்திலேயே பெஞ்ச் போட்டிருக்கிறோம். காலையில் நன்றாக இருப்பவர்கள் மதியம் 2 மணிக்கு மேல் தலை சுற்றுகிறது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள். ஆள் சேர்க்காமல் வேலை நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் அந்த பெஞ்சை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். நிமிடக் கணக்குக்கு அப்புறம் வருவோம்.

உலையிலிருந்து வருவது சூடான காற்று மட்டுமல்ல. வெயில் சுடுவதுபோல் அதன் கதிர்வீச்சு நேராக உடம்பில் படுகிறது. பெஞ்சில் உட்கார்ந்தாலும் அந்தச் சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் அந்த 10 நிமிடத்தில் தசைக்கு ஓய்வு கிடைக்கிறதே தவிர, உடம்பின் உள்வெப்பம் இறங்குவதில்லை. ஒவ்வொரு மணி நேரமும் அவர் முந்தைய மணியைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டோடு வேலையைத் தொடங்குகிறார். காலையில் இது தெரியாது. வியர்வையில் நீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்க, மதியத்துக்கு மேல் கணக்கு மொத்தமாக வெளியே வருகிறது. நீங்கள் சொல்லும் 2 மணி அதுதான்.

வெப்பத்தை அளக்கச் சாதாரண தெர்மாமீட்டர் போதாது, அது கதிர்வீச்சையும் ஈரப்பதத்தையும் காட்டாது. இதற்கென்றே இருக்கும் மீட்டரை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். திரையில் WBGT என்று வரும் எண்தான் நமக்கு வேண்டியது. கூரைக்கு உள்ளே அது இப்படிக் கணக்காகிறது:

```
WBGT = 0.7 × NWB + 0.3 × GT
```

NWB என்பது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது, GT என்பது கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் தெர்மாமீட்டர் காட்டுவது. லேடில் பிடிப்பவர் நிற்கும் இடத்திலேயே மார்பு உயரத்தில் வையுங்கள். பெரிய உருண்டை என்றால் அளவு நிலைக்க 20, 25 நிமிடம் ஆகும், அவசரப்பட்டுக் குறிக்கக் கூடாது. ஓய்வெடுக்கும் இடத்திலும் தனியாக அளக்க வேண்டும். அங்கே அளக்க மறப்பவர்கள்தான் அதிகம்.

எவ்வளவு தாங்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல தேசிய நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வரம்பை நான் பயன்படுத்துகிறேன். வெப்பத்துக்குப் பழகியவருக்கு அது:

```
Limit = 56.7 − 11.5 × log10(M)
```

M என்பது உடல் செலவழிக்கும் ஆற்றல், வாட்டில். சும்மா உட்கார்ந்தால் 115, கை வேலைக்கு 180, லேடில் தூக்குவது போன்ற கடின வேலைக்கு 415 என்று வைக்கலாம். WBGT, M இரண்டுக்கும் ஒரு மணி நேரச் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். முழு ஷிஃப்டுக்கும் சராசரி போட்டால், சாப்பாட்டு இடைவேளை உள்ளே வந்து ஆபத்தான மணி நேரத்தை மறைத்துவிடும்.

உங்கள் அளவுகள் என்னிடம் இல்லை. அதனால் இப்படி வைத்துக்கொள்வோம்: ஊற்றும் இடத்தில் NWB 27, GT 45, ஆக WBGT 32.4. பெஞ்ச் இருக்கும் இடத்தில் 30. இப்போதைய 50/10 முறையில் மணிச் சராசரி 32.0 வருகிறது. சராசரி M 365 வாட், அதற்கான வரம்பு 27.2. கிட்டத்தட்ட 5 டிகிரி மீறல். பெஞ்சை அங்கேயே வைத்துக்கொண்டு 15 நிமிடம் வேலை, 45 நிமிடம் ஓய்வு என்று மாற்றினால்கூடச் சராசரி 30.6, வரம்பு 30.5. முக்கால் மணி உட்கார வைத்தும் தேறவில்லை, பாருங்கள்.

இப்போது ஓய்விடத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம், உலை கண்ணில் படாத, வெளிக்காற்று வரும் இடத்துக்கு மாற்றுவோம். அங்கே NWB 24, GT 32 என்றால் WBGT 26.4. 25 நிமிடம் வேலை, 35 நிமிடம் ஓய்வு என்றால் சராசரி 28.9, வரம்பு 29.3. தேறிவிட்டது.

ஆனால் 25 நிமிடம் வீதம் இரண்டு ஜோடி மாறினால் மணியில் 10 நிமிடம் லேடில் காலியாக நிற்கும். உங்களிடம் 6 பேர் இருப்பதால் மூன்று ஜோடியாகப் பிரியுங்கள். ஒரு ஜோடி 20 நிமிடம் ஊற்றட்டும். அடுத்த 20 நிமிடம் முழு ஓய்வு. அதற்கடுத்த 20 நிமிடம் கோர் தேய்க்கும், அடுக்கும் வேலை. ஒரு நிபந்தனை: அந்த மேசையும் குளிர்ந்த பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் சராசரி 28.4, M சுமார் 237, வரம்பு 29.4. ஒரு டிகிரி மிச்சம் இருக்கிறது. கை வேலைக்கு எந்நேரமும் இரண்டு பேர்தான் இருப்பார்கள் என்பது உண்மை, அந்த இழப்பை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்ற நால்வருக்கும் ஊற்றப் பயிற்சி தர வேண்டியிருக்கும். ஜோடி மாறுவதை லேடில் காலியாகித் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள், உலோகம் கையில் இருக்கும்போது மணி பார்க்கக் கூடாது.

ஏப்ரல், மே மதியங்களில் ஈரத்துணி அளவு இரண்டு இடத்திலும் 2 டிகிரி ஏறினால் சராசரி 29.8 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். அந்த மணிகளில் கை வேலையையும் நிறுத்தி 40 நிமிடமும் உட்கார வையுங்கள். வரம்பு 29.9-க்கு உயரும், மயிரிழையில் தப்பும். அந்த நேரத்து ஊற்றலை அதிகாலைக்கு நகர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. உலைக்கும் ஆளுக்கும் நடுவே பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றை நிறுத்திப் பாருங்கள். அது GT-யை 45-இலிருந்து 38-ஆகக் குறைத்தாலே ஊற்றும் இடத்து அளவு 30.3-ஆக இறங்கிவிடும்.

கணக்கு எல்லோருக்கும் பொது, உடம்பு அப்படி அல்ல. அதனால் ஓய்வுக்கு உட்கார்ந்ததும் நாடியைப் பாருங்கள். முதல் நிமிடத்தின் பின்பாதி 30 விநாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 110-ஐத் தாண்டினால் அவருடைய அடுத்த வேலை நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், 20 நிமிடம் 13 ஆகிவிடும். ஓய்வு நேரத்தைக் குறைக்காதீர்கள். அடுத்த முறையும் 110-க்கு மேல் என்றால் இன்னொரு பங்கு குறையுங்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மில்லி தண்ணீர் குடிக்கட்டும். உப்புப் போட்ட மோரும் கொடுக்கலாம். கெண்டைக்கால் பிடிப்பு வந்தவரை அன்றைக்கு மறுபடி லேடில் பக்கம் அனுப்பாதீர்கள். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த வரம்பு பழகியவர்களுக்கு மட்டும்தான். புதிதாக லேடில் பிடிக்கப்போகும் நால்வரும் முதல் நாள் தங்கள் முறையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் உலை முன் நிற்கட்டும், தினமும் இன்னொரு பங்கு கூட்டுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் லீவில் போனவருக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போக ஆரம்பித்துவிடும். பழைய ஆள்தானே என்று முதல் நாளே முழு வேலை கொடுக்காதீர்கள். முதல் நாள் பாதி, அடுத்த நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள்தான் முழுசாக.