சிப்பாய்க்கு யார் நிலம் கொடுப்பது?

கேள்வி: 'சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்ததால் ரோமானியக் குடியரசு ஒருவர் ஆட்சியாக மாறியது' என்று காரண-விளைவு வினாவுக்கு எழுதினேன். 10-க்கு 4 மதிப்பெண்தான். நியாயமா?

பதில்: 4 போட்டவர் தாராள மனசுக்காரர். நீங்கள் எழுதியது சம்பவம், காரணம் அல்ல. சீசர் 'வா' என்றதும் அந்த எல்லை ஆற்றைத் தாண்டிச் சொந்த நாட்டின் மீதே படையெடுக்கச் சிப்பாய் ஏன் கிளம்பினான்? மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

பழைய முறையில் சொத்துள்ளவன் படையில் சேர்வான், போர் முடிந்ததும் தன் வயலுக்குத் திரும்புவான். கி.மு. 107-ல் தளபதி மாரியஸ் சொத்தே இல்லாதவர்களையும் சேர்த்தார். (அவர்தான் எல்லாவற்றையும் தொடங்கினார் என்று எழுதிவிடாதீர்கள், சொத்து வரம்பு அதற்கு முன்பே குறைந்துகொண்டு வந்தது.) இவர்கள் பல வருடம் போரிட்டுவிட்டு வெளியே வந்தால் பிழைக்க நிலம் வேண்டும். அதைத் தரும் நிரந்தர ஏற்பாட்டை ரோமின் ஆட்சி மன்றமான செனட் செய்யவே இல்லை. பொதுநிலத்தை அனுபவித்துவந்த குடும்பங்கள்தானே அங்கே உட்கார்ந்திருந்தன! ஆக, சிப்பாய்க்குக் கதி தளபதிதான்.

கி.மு. 88-ல் இது அம்பலமானது. கிழக்குப் போரின் தலைமை தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதும் தளபதி சுல்லா ரோம் மீதே படை நடத்தினார். உயர் அதிகாரிகளில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் விலகிக்கொள்ள, சிப்பாய்கள் கூடவே போனார்கள். கொள்ளைப் பொருள் கைநழுவிவிடுமே என்ற பயம் அவர்களுக்கு. ரூபிகானுக்கு 39 வருடம் முன்பே நடந்தது இது.

அப்போதும் செனட் திருந்தவில்லை. கி.மு. 62-ல் தளபதி பாம்பேய் ஒழுங்காகப் படையைக் கலைத்துவிட்டு, தன் வீரர்களுக்கு நிலம் கேட்டார். இழுத்தடித்தார்கள். வெறுத்துப்போய் சீசரோடும் கிராசஸோடும் கைகோத்தார். கி.மு. 59-ல் கான்சல் என்ற உச்சப் பதவிக்கு வந்த சீசர், எதிர்ப்பை மீறி நிலச் சட்டத்தை நிறைவேற்றினார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் காலியா மாகாணமும் பெரும் படையும் வந்தன. இந்தக் கண்ணியை விட்டுவிட்டால் விடை அறுந்துவிடும்.

விளைவுக்குச் சீசரின் வாரிசும் முதல் பேரரசருமான அகஸ்டஸிடம் வாருங்கள். செனட், கான்சல் பதவி, தேர்தல் எல்லாம் பெயருக்கு இருந்தன. பெரும்பாலான படைகளும், கி.மு. 23 முதல், முடிவுகளைத் தடுக்க வல்ல ட்ரிப்யூன் அதிகாரமும் அவர் கையில். கி.பி. 6-ல் படைவீரர்களுக்கென்றே தனிக் கருவூலம் திறந்து, தன் பணம் 17 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போட்டார். மேற்கொண்டு வாரிசுச் சொத்துக்கு 5 சதவீத வரி. ஓய்வுபெறும் சாதாரணச் சிப்பாய்க்கு 12,000 செஸ்டர்ஸ். நிலப் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் கொடுக்கும் கை ஒரே கையானது. கி.பி. 41-ல் பேரரசர் கலிகுலா கொலையுண்டபின் குடியரசை மீட்கலாமா என்று செனட் விவாதித்துக்கொண்டிருக்க, மெய்க்காவல் படை கிளாடியஸைப் பேரரசராக்கியது. ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் தருவதாக அவர் வாக்களித்திருந்தார்.

மறுதேர்வில் இந்த வரிசையில் எழுதுங்கள். ரூபிகானுக்கு ஒரு வரி போதும்.