குறுகும் குழாயில் அழுத்தம் ஏன் குறைகிறது?

"ஸ்லைடில் குழாய் குறுகும் இடத்தில் வேகம் கூடும், அழுத்தம் குறையும் என்று இருக்கிறது. நெருக்கினால் அழுத்தம் கூடத்தானே வேண்டும்?"

நெருக்குவது என்ற எண்ணம்தான் குழப்புகிறது. தண்ணீர் அங்கே அமுங்குவதில்லை, வேகமெடுக்கிறது. வேகமெடுக்க பின்னாலிருந்து தள்ளுவிசை வேண்டும். ஆகவே பின்னால் அழுத்தம் அதிகமாகவும் முன்னால் குறைவாகவும் இருந்தே ஆக வேண்டும்.

கிடைமட்டக் குழாய் ஒன்று 50 மி.மீ. விட்டத்திலிருந்து 25 மி.மீ. ஆகக் குறுகுகிறது என்று வையுங்கள். விட்டம் பாதி, பரப்பு கால் பங்கு. பலரும் சறுக்குவது இங்கேதான்: வேகம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 1 மீ/வி என்பது 4 மீ/வி ஆகும். அழுத்த வித்தியாசத்தைப் பெர்னூலி சமன்பாடு தரும். இதில் P அழுத்தம், v வேகம், ρ நீரின் அடர்த்தி; 1 என்பது அகன்ற இடம், 2 என்பது குறுகிய இடம்:

`P1 − P2 = ½ρ(v2² − v1²) = ½ × 1000 × (16 − 1) = 7500 Pa`

இரு இடங்களிலும் மேல்நோக்கிக் கண்ணாடிக் குழல் பொருத்தினால், குறுகிய இடத்தில் நீர்மட்டம் சுமார் 76 செ.மீ. தாழ்ந்து நிற்கும். கண்ணால் பார்க்கக்கூடிய வித்தியாசம்!

குழாய் மறுபடி 50 மி.மீ. ஆக விரிந்தால் அழுத்தம் மீளும், ஆனால் முழுதாக அல்ல. உராய்வும் சுழல்களும் ஒரு பங்கைத் தின்றுவிடும். திடீரென விரிந்தால் இழப்பு இன்னும் அதிகம். பெர்னூலி சமன்பாடு இதைக் கணக்கில் எடுப்பதில்லை.