பாட்டாகவே இருக்க வேண்டிய துதியை மொழிபெயர்ப்பது எப்படி?

கேள்வி: வடமொழித் துதிப்பாடல்களைத் தமிழில் பாடுவதற்காக மொழிபெயர்க்கும்போது, சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது சரியா, கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுவது சரியா?

பாடுவதற்கு என்றால் கருத்தை ஒட்டி எழுதுவதே சரி என்பது என் முடிவு. ஆனால், எந்த அளவுக்கு விலகலாம் என்பதை மொழிபெயர்ப்பவரின் விருப்பம் தீர்மானிக்கக் கூடாது. மெட்டுதான் தீர்மானிக்க வேண்டும். காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் உறவினர் வீட்டு வளவில் ஆச்சிமார் கூடிப் பாடும் பஜ கோவிந்தத்தைத் தமிழாக்கும் வேலையில் சில காலமாக ஈடுபட்டிருப்பதால், அந்தப் பாடலையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஆதிசங்கரர் பாடியதாக மரபு கூறும் இப்பாடலின் பெரும்பாலான அடிகளில் ஒவ்வொன்றும் பதினாறு மாத்திரை கொண்டது. நான்கு நான்காகப் பிரிந்து தாளத்தில் விழுவது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றோடு சேர்ந்த குறிலுக்கு இரண்டு என்று எண்ணினால், 'பஜ கோவிந்தம்' எட்டு மாத்திரை. இரு முறை சொன்னால் பதினாறு. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'கோவிந்தனை வழிபடு, கோவிந்தனை வழிபடு' என்று எழுதினால் மாத்திரை 22 ஆகிவிடும். ஐகாரத்தைக் குறுக்கிப் பாடினாலும் 20. பொருளில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பாட முடியாது. பாடியே தீர வேண்டும் என்று முனைபவர்கள் சொற்களை விழுங்குவார்கள், அல்லது மெட்டை உரைநடை போல ஓட்டிவிடுவார்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் நான் மொழிபெயர்க்கவே இல்லை. 'பஜ கோவிந்தம்' என்பதைத் தமிழ் கேட்டு வளர்ந்த யாரும் புரிந்துகொள்வார்கள். எல்லோரும் சேர்ந்து திரும்பச் சொல்லும் நாமத்தை மாற்றினால் கூட்டமும் தடுமாறும்.

மூன்றாம் அடி 'ஸம்ப்ராப்தே ஸந்நிஹிதே காலே'. இதில் வரும் மூன்று சொற்களும் ஏழாம் வேற்றுமையில் நிற்கின்றன. அந்த உருபைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 'இல்' போட்டுப் பெயர்த்தால் தமிழில் ஒன்றும் விளங்காது. வடமொழியில் இவ்வமைப்பு 'இன்னது நிகழும்போது' என்ற பொருளைத் தரும் ஒரு தொடர். ஆகவே 'காலம் நெருங்கி வந்துவிட்டபோது' என்பதே நேர்ப்பொருள். சொல்லை ஒட்டிப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே பொருளை விட்டு விலகிவிடும் இடங்களில் இது ஒன்று.

இதைப் பாட்டாக்கும்போது முதலில் தோன்றுவது 'காலம் வந்தே கிட்டும் போது' என்ற வரி. எண்ணிப் பார்த்தால் பதினைந்து மாத்திரை. ஒன்றுதானே குறைகிறது, நீட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால், நீட்ட வேண்டிய கடைசி எழுத்து 'போது' என்பதில் உள்ள 'து'. அது குற்றியலுகரம், தன் இயல்பில் அரை மாத்திரையே ஒலிப்பது. அதன்மேல் மெட்டின் நீண்ட கார்வை விழும்போது 'போதூ' என்று கேட்கும். தமிழ்க் காதுக்கு அது சொல்லாகவே படாது. 'காலம் வந்தே கிட்டும் நாளில்' என்று மாற்றினால் பதினாறும் சரியாக அமைந்து, அடி மெய்யெழுத்தில் முடிகிறது. 'காலன் வந்தே' என்று எமனைக் கொண்டுவரச் சிலர் சொன்னார்கள். அது தேவையில்லை என்று நினைக்கிறேன். 'காலமானார்' என்று சொல்லும் மொழியில் 'காலம்' என்ற சொல்லே சாவின் நிழலையும் சுமக்கிறது. மூலத்தின் இரு பொருளும் அதிலேயே நிற்கின்றன.

நான்காம் அடிதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல்: 'நஹி நஹி ரக்ஷதி டுக்ருஞ்கரணே'. 'டுக்ருஞ் கரணே' என்பது பாணினி மரபுத் தாதுபாடத்தில் உள்ள ஒரு பதிவு. 'செய்தல்' என்ற பொருளில் வரும் வினைவேர் இது என்பதற்கான குறிப்பு. முதுமையில் இலக்கண விதிகளை உருப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டு சங்கரர் இதைப் பாடினார் என்பது மரபுக் கதை. அந்தக் கதையை அறியாதவருக்கு அப்படியே பெயர்த்துக் கொடுத்தால் இந்தச் சொற்கள் வெறும் ஒலியே. கருத்தை ஒட்டி 'உதவா உதவா கற்ற விதிகளே' என்று எழுதலாம், மாத்திரையும் பதினாறு. ஆனால் பாடக் கேட்ட ஆச்சி ஒருவர், "விதி உதவாதுன்னா, தலைவிதியையா சொல்றீக?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. காதால் கேட்பவருக்கு 'கற்ற' என்ற அடைமொழி ஒரு கணத்தில் கடந்து போய்விடுகிறது. 'விதி' மட்டும் தங்குகிறது. எனவே 'உதவாது உதவாது இலக்கணமே' என்ற வடிவத்துக்கு வந்தோம். பாடும்போது உகரம் கெட்டு 'உதவா துதவா திலக்கணமே' என்று ஒலிக்கும். மாத்திரை பதினைந்துதான், ஆனால் கடைசி எழுத்து 'மே' என்ற நெடில் என்பதால் கார்வையைத் தடையின்றி ஏற்கிறது. 'நஹி நஹி' என்ற அடுக்கும் போகவில்லை, இலக்கணம் என்ற குறிப்பும் போகவில்லை.

கார்வை எங்கே விழுகிறது என்பதைப் பார்க்காவிட்டால் பொருளே மாறிவிடும் என்பதற்கு இரண்டாம் பாட்டின் முதல் அடியைச் சொல்ல வேண்டும். 'மூட ஜஹீஹி தநாகமத்ருஷ்ணாம்' என்பதற்குப் பொருள் சேர்க்கும் வேட்கையை விடு என்று பொருள். வட்டித் தொழிலும் கடல் கடந்த வணிகமும் செய்து வந்தவர்களின் வீடுகளில் இந்த அடியைச் சற்று நிதானித்தே பாடுகிறார்கள். ஒரு கைப்பிரதியில் இதற்கு 'மூடா செல்வத் தாசையை விடு' என்று எழுதியிருந்தது. பார்வைக்கு நல்ல தமிழ். ஆனால் 'ஆசையை' என்பதன் ஐகாரங்களைக் குறுக்கிப் பாடும்போது, கடைசியில் நிற்கும் 'விடு' இரண்டு மாத்திரை, அங்கே மெட்டு கேட்பதோ நான்கு. நீட்டிப் பாடியதும் 'ஆசையை வீடு' ஆயிற்று. தமிழில் குறிலை நெடிலாக்கினால் பல இடங்களில் வேறு சொல் பிறந்துவிடும். 'மூடா விடுநீ செல்வத் தாசை' என்று சொல்லை இடம் மாற்றியதும், 'விடு' குறில்கள் வேண்டிய இரண்டாம் நான்கில் அமர்ந்துகொண்டது. மூலத்திலும் 'ஜஹீஹி' இரண்டாம் சொல்லாகவே நிற்பதால், கருத்தை ஒட்டிய வழியே இங்கே சொல்வரிசைக்கும் நெருக்கமாகிவிட்டது.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை நான் தள்ளவில்லை. அதற்கு உரிய இடம் பாடம் கேட்கும் இடம். கோவிலூர் மடத்தில் வேதாந்த நூல்களைத் தமிழில் பாடம் சொல்லும் மரபைக் கேட்டறிந்தவர்களுக்கு, பதம் பதமாகப் பிரித்துச் சொல்வதன் அருமை தெரியும். பாட்டில் நாம் விட்டதும் மாற்றியதும் அங்கேதான் கணக்கில் வர வேண்டும். எடுத்துக்காட்டாக, 'மூடமதே' என்பது 'மூட அறிவுடையவனே' என்று பிறரை விளிப்பது. நாங்கள் தமிழ்ப் பாடல் வழக்கை ஒட்டி 'மூட மனமே' என்று பாடுகிறோம். பாடுபவர் தம்மையே கண்டிப்பதாக அது மாறிவிடுகிறது. இது சிறிய மாற்றமல்ல. எனவே எங்கள் பிரதியில் இடப்பக்கம் மூலத்தைத் தமிழ் எழுத்தில் தந்து, அதன்கீழ் பாடும் வரியை அச்சிட்டு, வலப்பக்கம் பதவுரையையும் இம்மாதிரி மாற்றங்களையும் எழுதியிருக்கிறோம். நீங்கள் எழுதும் வரியையும் தாளில் காட்டாமல் ஒருவருக்குப் பாடிக் காட்டி, கேட்ட சொற்களை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சொல் வேறாகக் கேட்கிறதோ அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.