குசினிப் பக்கம் ஒரே நேரத்துக்கு வைஃபை விழுறது: மைக்ரோவேவா, கோட்லஸ் போனா?

கேள்வி: ஒவ்வொரு நாளும் இரவு ஏழேகால் போல குசினிப் பக்கம் இருந்தா வைஃபை நிண்டிடுது, கொஞ்ச நேரத்தில தானா வருது. மைக்ரோவேவ் வேலையா, இல்லாட்டி கோட்லஸ் போனா? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பதில்:

எங்கட வீட்டிலயும் இதே கூத்துத்தான். பரந்தன் பக்கம், வீட்டுத்திட்டத்தில கட்டின வீடு, பேந்து பின்னால ஒரு குசினி இறக்கினது. தங்கச்சிக்கு ஏழு மணிக்கு சூம் வகுப்பு, அவள் குசினி மேசையில லப்டொப்பை வைச்சுத்தான் படிப்பாள், கொஞ்ச நேரம் போக சேரின்ட முகம் அப்பிடியே உறைஞ்சு நிக்கும். நாங்கள் எல்லாரும் நெட் கம்பனியைத் திட்டினனாங்கள். அதே நேரம்தான் அம்மா மத்தியானத்து மீன் குழம்பைச் சூடாக்குறவ எண்டது கனநாளா ஒருத்தருக்கும் ஓடேல்ல.

முதல் விசயம், ஏழேகால் வரைக்கும் காத்திருந்து பாக்காதேங்கோ. அந்த நேரம் ஊரே நெட்டில நிக்கும், நீங்கள் 4ஜி ரவுட்டர் பாவிக்கிறீங்கள் எண்டா டவரும் நெரிசலா இருக்கும், எது எதால வருது எண்டு பிரிக்கேலாது. பின்னேரம் மூண்டு மணிக்கு, வீட்டில வேற ஒண்டும் ஓடாத நேரம், ஒரு கப் தண்ணியை மைக்ரோவேவுக்குள்ள வைச்சு ரெண்டு நிமிசம் ஓட விடுங்கோ (வெறுமையா மட்டும் ஓட விட வேண்டாம், மெசின் பழுதாப் போகும்). அதுக்கு முதல் லப்டொப்பை வழமையா இருக்கிற இடத்தில வைச்சு, விண்டோஸில `cmd` எண்டு தேடி ரெண்டு கறுப்பு விண்டோ திறந்து ஒண்டில முதலாவதையும் மற்றதில ரெண்டாவதையும் அடியுங்கோ:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கட ரவுட்டர், ரெண்டாவது வெளி உலகம். ரவுட்டர் நம்பர் வேறயா இருந்தா `ipconfig` எண்டு அடிச்சு `Default Gateway` எண்ட இடத்தில பாருங்கோ. வெளி உலகத்துக்குப் போறது மட்டும் விழுந்து, ரவுட்டருக்குப் போறது நல்லா இருந்தா மைக்ரோவேவைக் குறை சொல்லேலாது, பிரச்சினை லைனில இல்லாட்டி டவரில. ரவுட்டருக்குப் போறதே விழுந்தா அது வீட்டுக்குள்ள காத்தில நடக்கிற சண்டை. ரவுட்டர் லைட் எல்லாம் அணைஞ்சு திரும்ப வருது எண்டா இது ரெண்டுமில்லை, கரண்ட் பிரச்சினை. மைக்ரோவேவும் கேத்திலும் ரவுட்டரும் ஒரே மல்ரிபிளக்கில தொங்குதோ எண்டு பாருங்கோ, ஒண்டு லூசா இருந்தாலே காணும்.

எங்கட வீட்டில சும்மா இருக்கேக்க ரவுட்டர் 3, 4 மில்லிசெக்கனில பதில் சொன்னது. மைக்ரோவேவ் பட்டனை அமத்தினதும் 180, 640, பிறகு `Request timed out.` எண்டு ரெண்டு மூண்டு, திரும்ப 300. "டிங்" எண்டு நிண்டதும் அடுத்த வரியிலயே 4. வைஃபை அடையாளம் முழுக்க நிரம்பித்தான் நிண்டது, அதாலதான் முந்தி ஒருத்தரும் வைஃபையைச் சந்தேகப்படேல்ல.

இன்னும் உறுதியாத் தெரியோணும் எண்டா ஒரு வேலை செய்யுங்கோ. பவரைக் குறைச்சு, டிஃப்ரொஸ்ட் மாதிரி வைச்சு அதே தண்ணியை ஓட விடுங்கோ. சாதாரண மைக்ரோவேவ் குறைஞ்ச பவர் எண்டா உண்மையில பவரைக் குறைக்கிறேல்ல, கொஞ்ச செக்கன் முழுப் பவரில ஓடி, கொஞ்ச செக்கன் சும்மா நிக்கும். ஃபேனும் தட்டும் சுத்திக்கொண்டே இருக்கும், ஆனா அந்த "ம்ம்ம்" எண்ட இரைச்சல் மட்டும் வந்து வந்து போகும். இரைச்சல் வரேக்க பிங் விழுந்து, போகேக்க நல்லா வந்தா இதுக்கு மேல சாட்சி தேவையில்லை. இன்வேட்டர் வகை மெசினில இந்த விளையாட்டு தெரியாது, அது மெல்லிசாத் தொடர்ந்து ஓடும்.

ஏன் இப்பிடி எண்டா, மைக்ரோவேவ் வேலை செய்யிறது 2.45 கிகாஹேர்ட்ஸ் பக்கம், பழைய வைஃபையும் 2.4 பாண்டில அதே இடத்திலதான். உள்ளுக்கு அது எழுநூறு எண்ணூறு வாட்டில இரையுது, ரவுட்டர் விடுறது ஒரு வாட்டில பத்தில ஒண்டளவுதான். கதவு இடுக்கால கசியிறது உடம்புக்கு ஒண்டும் செய்யாத அளவு (சட்டப்படி 5 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல போகக்கூடாது), ஆனா சுவர் தாண்டி வாற வைஃபை சிக்னல் அதை விட எவ்வளவோ மெல்லிசு. அதால முக்கியம் ரவுட்டர் எங்க இருக்குது எண்டதை விட, உங்கட போன் மைக்ரோவேவுக்கு எவ்வளவு கிட்ட, ரவுட்டருக்கு எவ்வளவு தூரம் எண்டதுதான். ஹோலில ரவுட்டருக்குப் பக்கத்தில இருந்தவைக்கு ஒண்டுமே தெரியாது, குசினியில இருக்கிற தங்கச்சிக்குத்தான் எல்லா வினையும். கதவு வளைஞ்சோ பூட்டு லூசாவோ இருந்தா அது வேற கதை, அதைப் பாவிக்காதேங்கோ. பின் மூடியை நீங்களாக் கழட்டப் போக வேண்டாம், பிளக்கைப் புடுங்கினாப் பிறகும் உள்ளுக்க ஆளைக் கொல்லுற கரண்ட் நிக்கும்.

கோட்லஸ் போனைப் பற்றி: அடியில ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரைத் திருப்பிப் பாருங்கோ. டெக்ட் எண்டு இருந்தா அது 1.9 கிகாஹேர்ட்ஸ் பக்கம், வைஃபையோட முட்டாது, விட்டிடுங்கோ. கனடாவில இருந்து மாமா கொண்டு வந்து, 110 வோல்ட் டிரான்ஸ்போமரும் பூட்டி வைச்சிருக்கிற பழைய 2.4 போன் எண்டா சந்தேகப்படலாம். அது பாண்ட் முழுக்கத் தாவித் தாவிப் பேசுற வகையா இருந்தா சனலை மாத்தியும் பெரிசா பலன் இல்லை, வேற போன்தான் வழி. ரெண்டு நாளைக்கு பேஸைப் பிளக்கால எடுத்து, கைப்பிடியின்ட பற்றரியையும் கழட்டி வைச்சுப் பாத்தா தெரியும். ஆனா ஒவ்வொரு நாளும் ஏழேகாலுக்கு ஆர் உங்களுக்கு லைன் போனில எடுக்கினம்? இப்ப எல்லாரும் வட்ஸ்அப்தான். நான் பந்தயம் கட்டுறதெண்டா குழம்பிலதான் கட்டுவன்.

உங்கட ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸும் விடும் எண்டா குசினியில பாவிக்கிற சாமானை அதில இணைச்சா வேலை முடிஞ்சுது, சுவர் ரெண்டு தாண்டினா 5 மெலிஞ்சு போகும் எண்டது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். எங்கட 4ஜி ரவுட்டரில 2.4 மட்டும்தான். அதால சனலை `Auto`வில இருந்து எடுத்து 1 எண்டு போட்டன், சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸ் ஆக்கினன், கனக்க மைக்ரோவேவுகள் அந்த பாண்டின்ட மேல் பாதியிலதான் கூட இரையிறது. அதோட ரவுட்டரை குசினி வாசலுக்கு நேர ஒரு தட்டில ஏத்தி வைச்சன். இதிலதான் கூட வித்தியாசம் தெரிஞ்சது. இப்ப மெசின் ஓடேக்க 30, 40 மில்லிசெக்கன், இடைக்கிட ஒண்டு விழும், சூம் தாங்குது.

மெசினுக்குப் பக்கத்திலயே நிண்டு வீடியோ கோல் எடுத்தா இப்பவும் உறையும். அம்மா லண்டன் சித்தியோட கதைக்கேக்க "பொறடி, குழம்பு வைக்கப் போறன்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் பட்டனை அமத்துறவ.