ஷாட்கி டயோடு இருந்த இடத்தில் 1N4007 போடலாமா?

"LM2596 பக் கன்வெர்ட்டரில் 1N5822 எரிந்துவிட்டது. கையில் 1N4007 இருக்கிறது. இரண்டும் டயோடுதானே, மாற்றிப் போடலாமா?"

போடாதீர்கள். 1N4007 பி-என் டயோடு. கடத்தும்போது அதன் சந்தியருகே சிறுபான்மை மின்னூட்ட ஊர்திகள் தேங்கிவிடும். மின்னழுத்தம் திசை மாறிய பிறகும் அவை காலியாகச் சில மைக்ரோவினாடி ஆகும். அதுவரை டயோடு பின்னோக்கிக் கடத்தும். LM2596 ஓடுவது 150 கிலோஹெர்ட்ஸில், ஒரு சுழற்சியே 6.7 மைக்ரோவினாடிதான். அப்புறம் டயோடும் ஐசியும் கொதிக்காமல் என்ன செய்யும்?

1N5822 ஷாட்கி டயோடு. இதில் உலோகம் நேரடியாக என்-வகை சிலிக்கானைத் தொடுகிறது. எலக்ட்ரான்கள் மட்டுமே ஓடுவதால் தேக்கம் கிட்டத்தட்ட இல்லை. 1 ஆம்பியரில் இதில் சுமார் 0.4 வோல்ட் இழப்பு. 1N4007-இல் சுமார் 0.9.

ஷாட்கிக்கும் எல்லை உண்டு: 1N5822 தாங்குவது 40 வோல்ட்தான், சூடேறினால் பின்னோக்குக் கசிவும் கூடும். உள்ளீடு 24 வோல்ட் என்றால் 1N5822-ஐயே வாங்கிப் போடுங்கள்.