அப்பாவின் மனையில் அத்தைக்கு 2 செண்ட்

கேள்வி: எங்கள் அப்பா 1998-இல் தன் சம்பளத்தில் 20 செண்ட் மனை வாங்கினார். 2019-இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா, நான், தங்கை இருக்கிறோம். அண்ணன் 2015-இலேயே இறந்துவிட்டார்; அண்ணியும் பத்து வயது மகளும் இருக்கிறார்கள். அண்ணி 2021-இல் மறுமணம் செய்துகொண்டார். அப்பாவைப் பெற்ற பாட்டி 2022-இல் காலமானார். அவரும் உயில் எழுதவில்லை. தாத்தா எப்போதோ இறந்துவிட்டார். மனையை விற்கப் போகும் நேரத்தில், அப்பாவின் ஒரே தங்கையான அத்தை தனக்கும் பங்கு உண்டு என்கிறார். அண்ணன் சொத்தில் தங்கைக்கு எப்படிப் பங்கு வரும்? நாங்கள் இந்துக்கள்.

பதில்: உங்கள் அத்தைக்கு இந்த மனையில் 2 செண்ட் அளவுக்குப் பங்கு உண்டு. அது அண்ணனின் தங்கை என்ற முறையில் வருவதன்று, தாயின் மகள் என்ற முறையில் வருவது. உங்கள் குடும்பத்தில் நடந்திருப்பது இரண்டு வாரிசுரிமைகள். 2019-இல் ஒன்று, 2022-இல் மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

இத்தகைய வழக்குகளில் நான் முதலில் செய்வது, கோப்பின் பின்பக்கத்தில் குடும்ப மரத்தை வரைந்து, இறந்த ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழும் இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியை எழுதுவதுதான். சொத்து உரிமை ஒருவர் இறந்த அந்த நொடியிலேயே வாரிசுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பட்டா மாற்றும் வரையோ, பாகப்பிரிவினை செய்யும் வரையோ அது காத்திருப்பதில்லை. ஆகவே 2019-இல் உங்கள் அப்பா கண்மூடியபோது யார் யார் உயிருடன் இருந்தார்கள் என்பதே முதல் கேள்வி.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, ஆண் ஒருவர் உயிலின்றி இறந்தால் அவருடைய சொத்து முதலில் முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சேரும் என்கிறது. மனைவி, மகன், மகள், தாய், முன்பே இறந்துபோன மகனின் மனைவியும் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். பெற்ற தாய்க்கு அங்கே இடம் உண்டு. தந்தைக்கு இல்லை, அவர் இரண்டாம் வகுப்பில்தான் வருகிறார். சகோதரியும் அந்த இரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறார். முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்கு எதுவும் போகாது. அண்ணன் சொத்தில் தங்கைக்கு நேரடிப் பங்கு இல்லை என்று நீங்கள் நினைத்தது அந்த அளவில் சரியே.

அப்பாவின் 20 செண்ட் ஐந்து சம பாகமானது. பாட்டிக்கு 4 செண்ட், அம்மாவுக்கு 4, உங்களுக்கு 4, தங்கைக்கு 4, அண்ணனின் கிளைக்கு 4. அண்ணன் உயிருடன் இருந்திருந்தால் வந்திருக்கும் அந்த 4 செண்டை, 10-ஆவது பிரிவின்படி அண்ணியும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு 2 செண்ட். அண்ணி 2021-இல் மறுமணம் செய்துகொண்டது இதைத் தொடாது. பங்கு 2019-இலேயே அவருடையதாகிவிட்டது. ஒருமுறை வந்து சேர்ந்த உரிமை பிறகு நடந்த திருமணத்தால் திரும்பிப் போவதில்லை. உறவினர் யாராவது இதைக் காட்டி அவர் பங்கைக் குறைக்க முயன்றால், தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள்.

இனி 2022. பல குடும்பங்கள் சறுக்கும் இடம் இதுதான். பாட்டி போய்விட்டார், எனவே அவர் பங்கு அப்பாவின் பிள்ளைகளிடமே திரும்பிவிடும் என்று எண்ணுகிறார்கள். அந்த 4 செண்ட் பாட்டிக்கு முழு உரிமையுள்ள சொந்தச் சொத்து. அவர் விரும்பியிருந்தால் விற்றிருக்கலாம், உயில் எழுதியிருக்கலாம். எழுதாமல் இறந்ததால், ஒரு பெண்ணின் சொத்துக்கு உரிய 15-ஆவது பிரிவின்படி அது அவருடைய மகன், மகள், முன்பே இறந்த மகன் அல்லது மகளின் பிள்ளைகள், கணவர் ஆகியோருக்குப் போகிறது. தந்தை, தாய், கணவர், மாமனார் ஆகியோரிடமிருந்து பெற்ற சொத்துக்குச் சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், மகனிடமிருந்து பெற்ற சொத்துக்கு அவை பொருந்தா.

கணவர் இல்லாத நிலையில், பாட்டியின் 4 செண்ட் அவருடைய இரண்டு பிள்ளைகளின் கிளைகளுக்கு இரண்டிரண்டாகப் பிரிகிறது. அத்தைக்கு 2. அப்பாவின் கிளைக்கு 2. அதை அப்பாவின் பிள்ளைகளில் அன்று உயிருடன் இருந்த நீங்களும் தங்கையும் ஆளுக்கு 1 செண்டாக எடுத்துக்கொள்கிறீர்கள். அம்மாவுக்கு இதில் பங்கில்லை, ஏனெனில் இறந்த மகனின் மனைவி 15-ஆவது பிரிவின் முதல் வரிசையில் இல்லை. அண்ணனின் மகளுக்கும் இல்லை. அந்த வரிசை பேரப்பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது, அவளோ பாட்டிக்குக் கொள்ளுப்பேத்தி. அப்பாவின் சொத்தில் இடம்பெற்ற அதே குழந்தை பாட்டியின் சொத்தில் இடம்பெறாதது எனக்கு எப்போதும் மனவருத்தம் தரும் ஒன்று, ஆனால் சட்டத்தின் சொற்கள் அப்படித்தான் இருக்கின்றன.

முடிவில் மனை இப்படி நிற்கிறது: அம்மாவுக்கு 4 செண்ட், உங்களுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு 5, அண்ணி, அண்ணன் மகள், அத்தை மூவருக்கும் ஆளுக்கு 2. பாட்டி 2018-இல் இறந்திருந்தால் அத்தைக்கு எதுவும் வந்திருக்காது. ஐந்துக்குப் பதில் நான்கு பாகம் மட்டுமே இருந்திருக்கும். உங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்திருந்தாலும் விடை மாறியிருக்கும், ஏனெனில் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்குப் பங்கு தருவதில்லை.

இந்தக் கணக்கு மனை அப்பாவின் சுய சம்பாத்தியம் என்பதைச் சார்ந்தது. 1998 கிரயப் பத்திரத்தை எடுத்து, அவர் பெயரில் கிரயமாக வாங்கியதுதானா, தாத்தா வழிச் சொத்தை விற்ற பணத்தில் வாங்கியதாக ஏதேனும் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். பூர்வீகச் சொத்தென்றால் பங்குகள் வேறு. பாட்டி உயில் ஏதும் எழுதவில்லை என்பதையும் அத்தையிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழில் அத்தை பெயர் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். அப்பாவின் சான்றிதழில் அத்தை இருக்க வேண்டியதில்லை. பாட்டியின் பெயர்தான் இருக்க வேண்டும். பாட்டி இறந்த பிறகு விண்ணப்பித்த குடும்பங்களில் அந்தப் பெயரே விடுபட்டுப்போவதுண்டு. என்னிடம் வந்த ஒரு கோப்பில் அப்படி நான்கே பெயர்கள் இருந்தன. அந்த நால்வரும் கையெழுத்திட்டு முழு மனையையும் விற்ற பிறகு, வாங்கியவர் கட்டடக் கடனுக்குப் போனபோது, வங்கி வழக்கறிஞர் இரண்டு இறப்புத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கடனை நிறுத்திவிட்டார். வாங்கியவருக்கு விற்றவர்களின் பிரிபடாத பங்கு மட்டுமே வந்திருந்தது. ஆகவே பாட்டிக்கெனத் தனியாக ஒரு வாரிசுச் சான்றிதழ் பெறுங்கள். அதில் அத்தை, நீங்கள், தங்கை மூவரும் இருக்க வேண்டும்.

அத்தை பங்கை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், வாய்ச்சொல் போதாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். திருமணத்தில் அவருக்குச் செய்த சீர்வரிசையைக் கணக்கில் காட்டி இந்தப் பங்கை மறுக்க முடியாது. சம்மதிக்காவிட்டால் விற்பனைப் பத்திரத்தில் அவரையும் சேர்த்து, விலையில் பத்தில் ஒரு பாகத்தைக் கொடுத்துவிடுவதே நேர்வழி.

அதைவிடக் கவனமாகக் கையாள வேண்டியது அண்ணன் மகளின் 2 செண்ட். அவள் பதினெட்டு வயது நிரம்பாதவள் என்பதால், அண்ணி இயற்கைக் காப்பாளராக இருந்தாலும், நீதிமன்ற அனுமதியின்றி அந்தப் பங்கை விற்க அவருக்கு அதிகாரமில்லை. அனுமதியில்லாமல் விற்றால், வயது வந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் அவள் வழக்குப் போட்டு அந்த விற்பனையைத் தன் பங்களவில் ரத்து செய்துவிட முடியும். மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்து, விற்பனை குழந்தைக்கு நன்மை தரும் என்று காட்டுங்கள்; அவள் பங்குத் தொகையை அவள் பெயரிலேயே வைப்பு நிதியாகப் போடுவதாகவும் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். அந்த உத்தரவு கையில் வரும் வரை முன்பணம் வாங்க வேண்டாம்.