லிஃப்டில் வணக்கம் சொல்வது பற்றி

"திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. லிஃப்டில் வணக்கம் சொன்னால் பலர் போனைப் பார்க்கிறார்கள். நிறுத்திவிடவா?"

நிறுத்த வேண்டாம், ஐயா; வணக்கம் சொல்லும் நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்வதும் அந்நியருக்குத் தரும் மரியாதையே என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் விளக்கினார். நெரிசல் மிகுந்த நகரில் அந்த விலகல்தான் ஒருவருக்குக் கிடைக்கும் தனியிடம் என்பதால், போனைப் பார்ப்பவர் உங்களை அவமதிப்பதாக எண்ண வேண்டியதில்லை.

கதவு திறந்து நீங்கள் உள்ளே நுழையும்போது கண்கள் தாமாகவே சந்திக்கும். அப்போது லேசாகத் தலையசைத்தால் போதும். எல்லோரும் கதவைப் பார்த்து நின்ற பிறகு சொல்லும் வணக்கம், இறங்கும்வரை பேசியாக வேண்டுமோ என்ற தயக்கத்தைத் தரும். இரவில் ஒரு பெண் தனியாக இருந்தால், அவர் எந்த மாடி என்று கேட்காமல் உங்கள் மாடிக்கான பொத்தானை அழுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

லிஃப்டில் வருபவர் நாளையும் எதிர்ப்படுவார் என்பதால் இந்தத் தலையசைப்பு மெல்லப் பழக்கமாக வளரும். மாநகரப் பேருந்தில் இது தேவையில்லை. டிக்கெட்டுக்கான காசைக் கைமாற்றிக் கொடுக்கும்போது பேச்சு தானாகவே வரும். வரிசையிலும் அப்படித்தான்.